மேலே போகும் காற்று கீழே போகும் காற்றுக்காகக் காத்திருப்பதில்லை: விமான இறக்கை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி மாணவர்கள், அவர்களுக்குப் பாடம் சொல்லித்தரும் பெற்றோர், சிறிய மாதிரி விமானம் செய்து பறக்க விடுபவர்கள் என்று பலரும் கேட்ட கேள்விகள் இவை. கணக்கு வரும் இடங்களில் எல்லாம் ஒரே விமானத்தை எடுத்துக்கொள்கிறேன்: செஸ்னா 172. பறக்கும் பயிற்சிப் பள்ளிகளில் பெரும்பாலும் நிற்கும் நான்கு இருக்கை விமானம் அது. இறக்கை தலைக்கு மேலே இருக்கும். இறக்கையின் பரப்பு 16.2 சதுர மீட்டர், ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை நீளம் 11 மீட்டர், முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை அகலம் சராசரியாக ஒன்றரை மீட்டர். ஆட்கள், எரிபொருள் எல்லாம் சேர்த்து எடை 1,100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதைத் தாங்க 10,800 நியூட்டன் தூக்குவிசை வேண்டும்.

இறக்கையின் மேல்பக்கம் வளைவு, அதனால் தூரம் அதிகம், அதனால் காற்று வேகமாகப் போகுதுன்னு தான் நான் படிச்சேன். அதுல என்ன தப்பு?

அந்த விளக்கத்தில் ஒரு படி சத்தமில்லாமல் நுழைந்திருக்கிறது. முன்விளிம்பில் பிரிந்த காற்று, பின்விளிம்பில் ஒரே நேரத்தில் மறுபடி சேர்ந்தாக வேண்டும் என்பதுதான் அந்தப் படி. தூரம் அதிகம் என்பதிலிருந்து வேகம் அதிகம் என்ற முடிவுக்கு வர வேண்டுமானால், இரண்டுக்கும் ஆகும் நேரம் ஒன்று என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஏன் ஒன்றாக இருக்க வேண்டும்? இயற்பியலில் அப்படி ஒரு விதி கிடையாது.

ஒரு காற்றுத் துணுக்கு மேலே போகிறது, அதன் பக்கத்தில் இருந்த துணுக்கு கீழே போகிறது. பிரிந்தபின் இரண்டுக்கும் இடையே எந்தக் கயிறும் இல்லை. மேலே போனதற்குக் கீழே போனது எங்கே இருக்கிறது என்று தெரிய வழியும் இல்லை. அது தன்னைச் சுற்றி அந்தக் கணத்தில் உள்ள அழுத்தத்துக்கு மட்டுமே கட்டுப்படும்.

இந்தத் தவறு பரவியதற்குக் காரணம், அதன் இரண்டு முனைகளும் சரியாக இருப்பதுதான். மேலே காற்று வேகமாகப் போவது உண்மை. அங்கே அழுத்தம் குறைவாக இருப்பதும் உண்மை. நடுவில் சொல்லப்படும் காரணம் மட்டும் பொய். தொடக்கமும் முடிவும் சரியாக இருப்பதால் நடுவில் உள்ளதை யாரும் தட்டிப் பார்ப்பதில்லை.

ஒரே நேரத்துல சேரலைன்னா, எது முதல்ல வரும்? யாராவது கண்ணால பார்த்திருக்காங்களா?

மேலே போன காற்றுதான் முதலில் வரும். அதுவும் நன்றாகவே முந்திக்கொண்டு வரும்.

காற்றுச்சுரங்கத்தில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். இறக்கைக்கு முன்னால் மெல்லிய புகைக்கோடுகளை விடுவார்கள். அந்தப் புகையைத் தொடர்ந்து விடாமல், விட்டு விட்டுத் துடிப்பாக அனுப்பினால், எல்லாக் கோடுகளிலும் ஒரே கணத்தில் கிளம்பிய புகை ஒரு நேர் வரிசையாகத் தெரியும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஹோல்கர் பாபின்ஸ்கி இப்படி எடுத்த காணொலி இணையத்தில் பரவலாகப் பார்க்கப்பட்ட ஒன்று. வரிசை இறக்கையை நெருங்கும்போது நேராக இருக்கிறது. இறக்கையால் இரண்டாக வெட்டப்படுகிறது. மேல்பாதி விர்ரென்று ஓடிப் பின்விளிம்பைக் கடந்துவிடுகிறது. கீழ்ப்பாதி அப்போது இன்னும் இறக்கைக்கு அடியில்தான் வந்துகொண்டிருக்கிறது. கடந்தபின்னும் இரண்டு பாதிகளும் சேர்வதில்லை. வெட்டப்பட்ட வரிசை வெட்டப்பட்டபடியே போகிறது.

இதெல்லாம் கொஞ்சம் வித்தியாசம் தானே? பழைய விளக்கத்தை வச்சே ஏறக்குறைய சரியான விடை வராதா?

வராது. போட்டே பார்த்துவிடுவோம்.

செஸ்னா இறக்கையின் குறுக்குவெட்டில் மேல்பக்கக் கோடு கீழ்ப்பக்கக் கோட்டைவிட எவ்வளவு நீளம்? படத்தில் பெரிய வளைவாகத் தெரிந்தாலும், அளந்தால் ஒன்றரை முதல் இரண்டு சதவீதம்தான் கூடுதல். தாராளமாக 2 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். ஒரே நேரத்தில் சேர வேண்டும் என்ற கொள்கைப்படி மேல்காற்று கீழ்க்காற்றைவிட 2 சதவீதம் வேகமாகப் போனால் போதும்.

விமானம் விநாடிக்கு 60 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 216 கிலோமீட்டரில் பறக்கிறது. கீழே 60, மேலே 61.2. கடல்மட்டக் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.225 கிலோ. காற்றின் வேகத்தையும் அழுத்தத்தையும் இணைக்கும் பெர்னோலி சமன்பாட்டில் இவற்றைப் போட்டால்:

`½ × 1.225 × (61.2² − 60²) ≈ 89 Pa`

இந்த 89 பாஸ்கல் அழுத்த வேறுபாட்டை 16.2 சதுர மீட்டரால் பெருக்கினால் சுமார் 1,440 நியூட்டன். அதாவது 147 கிலோவைத் தாங்கும். நம் விமானமோ 1,100 கிலோ. இரண்டு பேரைத் தூக்கலாம், விமானத்தைத் தரையிலேயே விட்டுவிட வேண்டியதுதான்.

தரையிறங்க வரும்போது இன்னும் மோசம். விநாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் இந்தக் கொள்கை தரும் தூக்குவிசை 37 கிலோவுக்குத்தான் போதும். ஆனால் செஸ்னா அந்த வேகத்தில் நிதானமாகப் பறக்கிறது. இந்தக் கொள்கை உண்மையாக இருந்தால் அது பறக்க மணிக்கு 590 கிலோமீட்டர் வேகம் வேண்டும். அந்த விமானம் எந்த நிலையிலும் தாண்டக் கூடாது என்று விதித்திருக்கும் வேகமே மணிக்கு சுமார் 300 கிலோமீட்டர்தான்.

அப்போ பெர்னோலி தேற்றமே தப்பா?

இல்லவே இல்லை. தவறான வேகத்தைக் கொடுத்தோம், தவறான விடையைத் தந்தது. சரியான வேகத்தைக் கொடுத்துப் பார்ப்போம்.

அந்தச் சரியான வேகத்தைக் கணக்கிட ஒரு வழி உண்டு. ஜெர்மனியின் குட்டா 1902-லும், ரஷ்யாவின் ஷூகோவ்ஸ்கி 1906-லும் தனித்தனியாகக் கண்டது அது. இறக்கையின் நீளத்தில் ஒவ்வொரு மீட்டரும் தரும் தூக்குவிசை, காற்றின் அடர்த்தி × விமானத்தின் வேகம் × சுற்றோட்டம். சுற்றோட்டம் என்பது, மேல்காற்றுக்கும் கீழ்க்காற்றுக்கும் உள்ள வேக வேறுபாட்டை இறக்கையின் அகலம் முழுக்கக் கூட்டிய தொகை என்று எடுத்துக்கொண்டால் இங்கே போதும்.

நமக்கு மீட்டருக்கு 10,800 ÷ 11, சுமார் 980 நியூட்டன் வேண்டும். அதை 1.225 × 60 ஆல் வகுத்தால் சுற்றோட்டம் 13.4. அதை ஒன்றரை மீட்டர் அகலத்துக்குப் பிரித்தால் விநாடிக்கு 9 மீட்டர். ஆக, சராசரியாக மேலே 64.5, கீழே 55.5. இறக்கையின் தடிமனால் இரண்டு பக்கமும் கூடும் சிறிய வேகத்தை இங்கே விட்டுவிட்டேன். இப்போது பெர்னோலி:

`½ × 1.225 × (64.5² − 55.5²) ≈ 661 Pa`

இதை 16.2 ஆல் பெருக்கினால் 10,700 நியூட்டன். நமக்குத் தேவையானது ஏறக்குறைய அப்படியே வந்துவிட்டது.

இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழைய விளக்கம் 1.2 மீட்டர் வேக வேறுபாடு போதும் என்றது. உண்மையில் 9 மீட்டர். மேல்காற்று இறக்கையைக் கடக்க 23 மில்லிவிநாடி எடுக்கிறது, கீழ்க்காற்று 27. அந்த 4 மில்லிவிநாடிக்குள் மேல்காற்று ஒரு சாண் அளவுக்கு, சுமார் 22 சென்டிமீட்டர், முன்னால் போய்விடுகிறது. பாபின்ஸ்கியின் புகைவரிசையில் தெரிகிற வெட்டு இதுதான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு டன்னுக்கு மேல் எடையைத் தூக்கும் இந்த அழுத்த வேறுபாடு 661 பாஸ்கல்தான். வளிமண்டல அழுத்தம் 1,01,325 பாஸ்கல். நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை. ஒரு பாத்திரத்தில் ஏழு சென்டிமீட்டர் உயரம் தண்ணீர் ஊற்றினால் அதன் அடியில் கூடும் அழுத்தம் எவ்வளவோ, அவ்வளவுதான். பரப்பு பெரிதாக இருப்பதால் அது போதுமானதாகிவிடுகிறது.

சரி, அப்படின்னா மேலே காற்று வேகமாகப் போறதுக்கு உண்மையான காரணம் என்ன?

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும். ஏனென்றால் இதற்கு ஒரு வரி விடை கிடையாது. ஒரு வரியில் சொல்ல ஆசைப்பட்டுத்தான் பழைய தவறு பிறந்தது.

கயிற்றில் கல்லைக் கட்டிச் சுழற்றுங்கள். கல் வட்டமாகப் போக, கயிறு அதை மையத்தை நோக்கி இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கயிறு அறுந்தால் கல் நேராகப் போய்விடும். காற்றும் அப்படியே. அது வளைந்து போகிறது என்றால், வளைவின் மையத்தை நோக்கி ஏதோ ஒன்று அதைத் தள்ளுகிறது. காற்றுக்குக் கயிறு இல்லை. அதைத் தள்ளக்கூடியது பக்கத்தில் உள்ள காற்றின் அழுத்தம் மட்டுமே. ஆகவே வளைந்து போகும் காற்றில் வெளிப்பக்கம் அழுத்தம் கூடுதலாகவும் மையத்தின் பக்கம் குறைவாகவும் இருந்தே ஆக வேண்டும்.

இப்போது இறக்கையின் மேல்பக்கத்தைப் பாருங்கள். காற்று முன்விளிம்பில் ஏறி, முதுகைத் தாண்டி, பின்விளிம்பை நோக்கிக் கீழே வளைந்து இறங்குகிறது. வளைவின் மையம் கீழே, இறக்கையின் பக்கம் இருக்கிறது. மிக உயரத்தில், இறக்கை இருப்பதே தெரியாத இடத்தில், சாதாரண வளிமண்டல அழுத்தம். அங்கிருந்து இறக்கையை நோக்கி இறங்க இறங்க அழுத்தம் குறைந்துகொண்டே வர வேண்டும். அப்படியானால் இறக்கையின் மேல்தோலை ஒட்டிய இடத்தில் அழுத்தம் வளிமண்டலத்தைவிடக் குறைவு.

கீழ்ப்பக்கமும் இதே நியாயம்தான். சற்றே மூக்கைத் தூக்கி நிற்கும் இறக்கையின் அடியில் வரும் காற்றும் கீழ்நோக்கித் திரும்ப வேண்டியிருக்கிறது. அதன் வளைவு மையம் இன்னும் கீழே, இறக்கையிலிருந்து விலகி இருக்கிறது. தொலைவில் கீழே வளிமண்டல அழுத்தம். அங்கிருந்து இறக்கையை நோக்கி மேலே ஏற ஏற அழுத்தம் கூடும்.

வேகம் இதோடு கூடவே வருகிறது. முன்னால், சாதாரண அழுத்தத்தில் இருந்த ஒரு காற்றுத் துணுக்கு, மேலே உள்ள குறைந்த அழுத்தப் பகுதிக்குள் நுழைகிறது. அதன் முதுகுக்குப் பின்னால் அழுத்தம் அதிகம், முகத்துக்கு முன்னால் குறைவு. ஆகவே அது முன்னோக்கித் தள்ளப்பட்டு வேகம் எடுக்கிறது. கீழே போகும் துணுக்குக்கு முன்னால் அழுத்தம் கூடுதல், அதனால் மெதுவாகிறது. பெர்னோலி சமன்பாடு சொல்வது இதைத்தான். வேகமாகப் போவதால் அழுத்தம் குறைந்தது என்பதைவிட, அழுத்தம் குறைந்த இடத்துக்குள் போவதால் வேகம் எடுத்தது என்று படித்தால் மனதில் சரியாக உட்காரும். ஆனால் ஒன்று முன்னால், மற்றது பின்னால் என்று வரிசை வைத்துவிடக் கூடாது. ஓட்டத்தின் வளைவு, அழுத்தம், வேகம் மூன்றும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு ஒரே நேரத்தில் இருக்கின்றன.

காற்று எதுக்கு வளைவை ஒட்டியே போகணும்? முதுகைத் தாண்டினதும் நேரா போயிட்டா என்ன?

நேராகப் போகப் பார்த்தால் அதற்கும் இறக்கைக்கும் நடுவில் இடைவெளி உண்டாகும். அந்த இடைவெளியில் அழுத்தம் சரியும். மேலே உள்ள காற்று உடனே இதைக் கீழே தள்ளும். அதனால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஓரளவுக்கு இது நடந்துகொண்டே இருக்கும்.

அந்த ஓரளவு எங்கே முடிகிறது என்பதை விமானிகள் நன்றாக அறிவார்கள். வரும் காற்றுக்கும் இறக்கைக்கும் இடையே உள்ள சாய்வைத் தாக்குக்கோணம் என்பார்கள். நம் செஸ்னா மணிக்கு 216 கிலோமீட்டரில் போகும்போது இது சுமார் 2 பாகை. மணிக்கு 108-இல் போக, அதே எடையைத் தாங்க, சுமார் 13 பாகை வரை தூக்க வேண்டும். வேகம் பாதியானால், ஒரே கோணத்தில் கிடைக்கும் தூக்குவிசை கால் பங்காகிவிடும். அதை ஈடுகட்டத்தான் இந்தச் சாய்வு. 15, 16 பாகையைத் தாண்டும்போது மேல்தோலை ஒட்டிய மெல்லிய காற்றுப் படலம், உராய்வால் வேகம் இழந்து, பின்பக்கம் ஏறிக்கொண்டே போகும் அழுத்தத்தை எதிர்த்துப் போக முடியாமல் நின்றுவிடும். ஓட்டம் தோலை விட்டுப் பிய்ந்துவிடும். மேலே குழப்பமான சுழல்கள், தூக்குவிசை சட்டென்று சரிவு. இதுதான் ஸ்டால். விமானிக்கு முதலில் எச்சரிக்கை ஒலி கேட்கும், அப்புறம் விமானம் உதறும், பின் மூக்கு தானாகக் கீழே விழும். மூக்கைத் தாழ்த்திக் கோணத்தைக் குறைத்தால் ஓட்டம் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

இதைப் பழைய விளக்கத்தோடு வைத்துப் பார்த்தால் அதன் பெரிய ஓட்டை தெரியும். இறக்கையைச் சாய்த்தால் மேல்பக்க நீளமோ கீழ்ப்பக்க நீளமோ மாறுவதில்லை. நீளம்தான் காரணம் என்றால் கோணத்துக்கு வேலையே இல்லை. ஆனால் விமானி வேகத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டே இருப்பது அந்தக் கோணத்தைத்தான்.

கீழே மோதுற காற்று மேலே தள்ளுறதுதானே எல்லாம்? பட்டம் மாதிரி.

அது ஒரு பகுதி மட்டும்தான். சாதாரணமாகப் பறக்கும்போது தூக்குவிசையில் பெரும்பங்கு மேல்பக்கத்தில் அழுத்தம் குறைவதால் வருகிறது. பயணிகள் விமானத்தில் இறக்கைக்குப் பின்னால் ஜன்னலோரம் இடம் கிடைத்தால், சக்கரம் தரையைத் தொட்டதும் இறக்கையின் மேல்பக்கத்தில் பலகைகள் எழுந்து நிற்பதைப் பார்க்கலாம். ஸ்பாய்லர் என்று பெயர். மேல்பக்க ஓட்டத்தைக் கெடுத்தாலே தூக்குவிசை பெரிதும் போய், எடை முழுதும் சக்கரத்தில் இறங்கி, பிரேக் நன்றாகப் பிடிக்கும். கீழ்ப்பக்கம்தான் எல்லாம் என்றால் மேலே பலகை வைப்பதில் அர்த்தம் இல்லை.

மழைக்காலத்தில், ஈரமான காற்றில் இறங்கும்போது இறக்கையின் முதுகில் மட்டும் வெள்ளையாகப் புகை போல மின்னி மறைவதையும் கவனித்திருப்பீர்கள். அழுத்தம் குறைந்து காற்று குளிர்ந்ததால், அதிலுள்ள ஈரம் நீர்த்துளியாகிறது. குறைந்த அழுத்தம் எங்கே இருக்கிறது என்று இறக்கையே வரைந்து காட்டும் படம் அது.

நியூட்டன் சரியா, பெர்னோலி சரியா? ரெண்டு பேரும் ஆளுக்குப் பாதி தூக்குறாங்கன்னு ஒருத்தர் சொன்னார்.

பாதிப் பாதி இல்லை. இருவரும் முழு எடைக்குத்தான் கணக்கு சொல்கிறார்கள். ஒரே வீட்டுச் செலவை மளிகைக் கடைக்காரரின் நோட்டிலும் பார்க்கலாம், உங்கள் வங்கிப் புத்தகத்திலும் பார்க்கலாம். இரண்டையும் கூட்டினால் செலவு இரட்டிப்பாகிவிடாது.

இறக்கையின் தோலில் ஒவ்வொரு இடத்திலும் அழுத்தத்தை அளந்து கூட்டினால் 10,800 நியூட்டன் வரும். அது பெர்னோலி பக்கத்துக் கணக்கு. இறக்கை கடந்துபோன பின் காற்று எவ்வளவு கீழ்நோக்கித் திரும்பியது என்று பார்த்தாலும் அதே 10,800 வரும். அது நியூட்டன் பக்கம்.

இரண்டாவதையும் போட்டுப் பார்ப்போம். இறக்கை தன் நீளத்தை விட்டமாகக் கொண்ட ஒரு வட்டத்துக்குள் வரும் காற்றைத் திருப்புகிறது என்று கணக்குக்காக எடுத்துக்கொள்வது வழக்கம். 11 மீட்டர் விட்டம் என்றால் 95 சதுர மீட்டர். விநாடிக்கு 60 மீட்டர் வேகத்தில் அதன் வழியே ஒவ்வொரு விநாடியும் 7,000 கிலோ காற்று வருகிறது. 10,800 நியூட்டனைப் பெற அத்தனை காற்றையும் விநாடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் கீழே இறக்கினால் போதும். ஏழு டன் காற்றை, ஒரு மனிதர் நடக்கும் வேகத்தில் கீழே தள்ளிக்கொண்டே போகிறது அந்தச் சிறு விமானம். வேகத்தை 30-க்குக் குறைத்தால் காற்றும் பாதியாகக் குறையும், அதை இரண்டு மடங்கு வேகமாகத் தள்ள வேண்டும். மூக்கைத் தூக்குவது அதற்குத்தான்.

பழைய விளக்கத்தில் இந்தக் கீழ்நோக்கிய காற்றுக்கு இடமே இல்லை. இரண்டு காற்றும் பின்னால் அமைதியாகச் சேர்ந்து, எதுவும் நடக்காதது போல நேராகப் போய்விடுகின்றன. எடையைத் தாங்கியதற்கு எந்த எதிர்வினையும் காற்றில் பதியவில்லை என்றால் அது நியூட்டனின் மூன்றாம் விதிக்கே முரண்.

மேல்பக்கம் வளைவா இல்லாத இறக்கை பறக்குமா? தலைகீழா பறக்கிற விமானம் எப்படி விழாம இருக்கு?

நன்றாகப் பறக்கும். சாகச விமானங்கள் பலவற்றில் மேலும் கீழும் ஒரே வளைவுதான். இரண்டு பக்க நீளமும் சமம். அவற்றுக்குத் தூக்குவிசை தருவது தாக்குக்கோணம் மட்டுமே. அதனால்தான் நேராகப் பறப்பதும் தலைகீழாகப் பறப்பதும் அவற்றுக்கு ஒன்றே.

மேல்பக்கம் மட்டும் வளைந்த இறக்கையும் தலைகீழாகத் தூக்குவிசை தரும். செஸ்னாவின் இறக்கை போன்ற வடிவத்துக்கு, நிமிர்ந்து பறக்கும்போது தேவைப்படும் கோணத்தைவிடச் சுமார் 4 பாகை கூடுதலாக மூக்கைத் தூக்க வேண்டியிருக்கும். நல்ல வடிவத்தைத் தவறான பக்கம் பயன்படுத்துவதால் இழுவை கூடும், ஸ்டாலும் சீக்கிரம் வரும். ஆனால் தூக்குவிசை உண்டு. (செஸ்னா 172 தலைகீழாகப் பறக்க அனுமதிக்கப்பட்ட விமானம் அல்ல. இங்கே இறக்கையின் வடிவத்தை மட்டும் பேசுகிறோம்.)

எனக்குப் பிடித்த சாட்சி ரைட் சகோதரர்கள்தான். 1901-இல் ஒஹாயோவின் டேட்டன் நகரில், தங்கள் சைக்கிள் கடையில் ஒரு சிறிய காற்றுச்சுரங்கம் செய்து, ஏறக்குறைய 200 இறக்கை மாதிரிகளைச் சோதித்தார்கள். மெல்லிய தகட்டை வளைத்துச் செய்தவை அவை. வளைந்த தகட்டில் மேல்பக்கம் எவ்வளவு நீளமோ கீழ்ப்பக்கமும் ஏறக்குறைய அவ்வளவே. அந்த அளவீடுகளை வைத்து, மெல்லிய வளைந்த இறக்கையோடுதான் 1903 டிசம்பர் 17 அன்று பறந்தார்கள். தூர வித்தியாசம்தான் தூக்குகிறது என்றால் முதல் விமானமே எழுந்திருக்காது.

வகுப்புல ஆசிரியர் காகிதத்து மேலே ஊதினார், அது மேலே எழும்பிச்சு. அது பொய்யா?

எழும்புவது உண்மை. அதற்குச் சொல்லப்படும் காரணத்தைத்தான் சோதிக்க வேண்டும்.

இரண்டு விரல் அகலத்தில் ஒரு காகிதப் பட்டை வெட்டுங்கள். ஒரு முனையை உதட்டுக்குக் கீழே பிடித்தால் மறுமுனை வளைந்து தொங்கும். மேலே ஊதினால் எழும்பும். வேகமான காற்றில் அழுத்தம் குறைவு, அதனால் எழும்பியது என்பார்கள். சரி, இப்போது அதே பட்டையை மேல்முனையில் பிடித்து நேராகத் தொங்க விடுங்கள். ஒரு பக்கத்தில் மட்டும், காகிதத்துக்கு இணையாக, மேலிருந்து கீழே ஊதுங்கள். ஒரு பக்கம் வேகமான காற்று, மறுபக்கம் அசையாத காற்று. வேகம் மட்டுமே காரணம் என்றால் காகிதம் பக்கவாட்டில் நன்றாக நகர வேண்டும். அப்படி நகராது. லேசாக நடுங்கும், அவ்வளவுதான்.

வாயிலிருந்து வந்த காற்று வேகமாக இருந்தாலும், வெளியே வந்தவுடன் அதன் அழுத்தம் அறையின் அழுத்தமே. அதற்கு வேகம் கொடுத்தது நுரையீரல். அறைக் காற்றுக்கு அந்த ஆற்றல் கிடைக்கவில்லை. ஆற்றல் வேறுவேறாக உள்ள இரண்டு காற்றுகளை எடுத்துக்கொண்டு, வேகத்தை மட்டும் பார்த்துப் பெர்னோலி சமன்பாட்டில் ஒப்பிடக் கூடாது. முதல் சோதனையில் காகிதம் எழும்பியது, அது வளைந்திருந்ததால். ஊதிய காற்று அந்த வளைவை ஒட்டித் திரும்பியது. திரும்பினால் உட்பக்கம் அழுத்தம் குறையும். இந்த இரண்டு சோதனைகளையும் அடுத்தடுத்துச் செய்து காட்டினால் குழந்தைகளுக்கு உடனே பிடிபடும்.

பரீட்சையில இதைக் கேட்டா என்ன எழுதறது? மார்க் போயிடாதா?

வேகம், அழுத்தம், பெர்னோலி மூன்றையும் எழுதுங்கள். காரணத்தை மட்டும் மாற்றுங்கள். "சாய்ந்தும் வளைந்தும் உள்ள இறக்கையைச் சுற்றிக் காற்று வளைந்து கீழ்நோக்கித் திருப்பப்படுகிறது. அதனால் மேல்பக்கம் அழுத்தம் குறைந்து வேகம் கூடுகிறது, கீழ்ப்பக்கம் அழுத்தம் கூடி வேகம் குறைகிறது. இந்த அழுத்த வேறுபாடே தூக்குவிசை." ஆசிரியர் எதிர்பார்க்கும் சொற்கள் எல்லாம் இதில் இருக்கின்றன. பொய்யான வரி மட்டும் இல்லை.

விமானம் காற்றைக் கீழே தள்ளுதுன்னா, கீழே நிக்கிற என் தலையில அது படணுமே?

நியாயமான கேள்வி, விடையும் ஆம் என்பதுதான். பறக்கும் விமானத்தின் எடையைக் கடைசியில் தாங்குவது தரைதான். இறக்கை காற்றின் மேல் தரும் அழுத்தம் காற்று வழியே பரவி, தரையில் மிகப் பெரிய பரப்பில் மெல்லியதாக இறங்குகிறது. அதை முழுக்கக் கூட்டினால் விமானத்தின் எடை வந்துவிடும்.

நம் செஸ்னா 300 மீட்டர் உயரத்தில் சீராகப் பறக்கும்போது, நேர் கீழே இந்தக் கூடுதல் அழுத்தம் எடையை `2πh²` ஆல் வகுத்தால் கிடைக்கும். 10,800 ÷ 5,65,000, அதாவது சுமார் 0.02 பாஸ்கல். மேசையில் கிடக்கும் ஒற்றை ஏ4 தாள் மேசையை அழுத்துவது 0.8 பாஸ்கல். அதில் நாற்பதில் ஒரு பங்கு உங்கள் தலைமேல் கூடிக் குறைகிறது, விமானம் கடந்து போகும் அந்தச் சில விநாடிகளில்.